மாத்திரை டப்பாவுக்குள் பாச்சா உருண்டை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா போன் செய்தார். "அப்பாவுக்கு ராத்திரி போட்ட மாத்திரை சேரலை போல. ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டாரு. வரும்போது ரெண்டு இளநி வாங்கிட்டு வாம்மா." நான் இருப்பது பழங்காநத்தத்தில். அவர்கள் செல்லூரில். வைகையைத் தாண்டிப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது.

அப்பாவுக்கு 71 வயது. வாழ்க்கை முழுக்கத் தறியோடு இருந்தவர். ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்றுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது வருடமாக மூக்குப்பொடி போடுகிறார். அதனால் குழம்பு தீய்ந்தால்கூட அவருக்கு வாசனை தெரியாது. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லக் காரணம், பாச்சா உருண்டையின் வாசனை எட்டு வீட்டுக்கு அடிக்குமே, அதைப் போய் யாராவது மருந்தென்று நினைத்து வாயில் போடுவார்களா என்று பின்னால் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டார்கள். கண்ணும் மூக்கும் சரியாக இருப்பவர்கள் கேட்கிற கேள்வி அது.

வெள்ளிக்கிழமை அழகர்கோவில் பக்கம் சொந்தத்தில் ஒரு கிடா விருந்து. இரவு பத்து மணிக்கு மேல் அப்பாவுக்கு நெஞ்செரிச்சல். வழக்கமாக நெஞ்செரிச்சலுக்கு அவர் சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை ஒன்று உண்டு. வெள்ளையாக, வட்டமாக, தட்டையாக, கொஞ்சம் பெரிதாக இருக்கும். மென்றால் மாவு மாதிரி கரைந்து வாய் குளுகுளுவென்று ஆகும். விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவார் என்று இருட்டிலேயே அலமாரியைத் திறந்து, எவர்சில்வர் டப்பாவில் கையை விட்டு, அந்த வடிவத்தில் கைக்குத் தட்டுப்பட்டதை எடுத்து மென்றிருக்கிறார். "வாய் சில்லுன்னுதான் இருந்துச்சு. ஆனா கரையலை, மெழுகு மாதிரி பல்லுல ஒட்டுச்சு. பழைய மாத்திரைன்னு நெனச்சு தண்ணியக் குடிச்சு முழுங்கிட்டேன்" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசியபோதுதான் வாடை வந்தது. பட்டுப்புடவை பீரோவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதே வாடை அப்பாவின் வாயிலிருந்து.

டப்பாவைக் கவிழ்த்தேன். நெஞ்செரிச்சல் மாத்திரை ஆறு இருந்தது, பட்டையில் இல்லாமல் உதிரியாக. அவற்றோடு அதே அளவில், கொஞ்சம் பளபளப்பாக ஒரு வெள்ளை வில்லை. அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டார். போன மாதம் அலமாரியில் கரப்பான் ஓடியதாம். பாச்சா உருண்டை வாங்கி ஒவ்வொரு தட்டிலும் ஒன்று போட்டவர், மாத்திரைமேல் கரப்பான் ஏறக்கூடாதே என்று டப்பாவுக்குள்ளும் இரண்டு போட்டிருக்கிறார். இப்போதெல்லாம் பாச்சா உருண்டை உருண்டையாக மட்டும் வருவதில்லை. தட்டை வில்லையாகவும் வருகிறது. நெஞ்செரிச்சல் மாத்திரையையும் ஒவ்வொரு தடவை பட்டையைப் பிதுக்க அப்பாவின் விரலுக்குக் கஷ்டமாக இருக்கிறதென்று, மொத்தமாகப் பிரித்துப் போட்டு வைத்தது அம்மாதான். இரண்டுமே அப்பாமேல் உள்ள அக்கறையில் செய்தவை. எது மருந்து, எது விஷம் என்று சொல்ல இரண்டில் ஒன்றின்மேலும் ஓர் எழுத்துகூட இல்லாமல் போய்விட்டது.

அடுத்த கால் மணி நேரத்தில் நாங்கள் செய்ததில் ஒன்று தப்பு, ஒன்று சரி. தப்பு, பால். எதிர்வீட்டு மதினி "விஷத்தைப் பால் முறிச்சிரும்" என்று சொல்ல, அம்மா ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டார். நான் பார்ப்பதற்குள் அப்பா பாதி குடித்துவிட்டார். பாச்சா உருண்டையில் இருக்கும் நாப்தலின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வயிற்றில் அது கட்டியாகக் கிடந்தால் மெதுவாகத்தான் உடம்பில் ஏறும். பாலோ நெய்யோ எண்ணெயோ உள்ளே போனால், ஏறுவதற்கு நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி. இது எனக்கு அப்போது தெரியாது. மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சரியாகச் செய்தது, உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று மதினி சொன்னதை நான் மறுத்தது. வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்க வைத்தால் அது மூச்சுக்குழலுக்குள் போகலாம். அதிலும் வயதானவர்களுக்கு ரொம்ப ஆபத்து. நிறைய உப்பு உள்ளே போவதே தனியாக ஒரு கேடு. வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன், பல்லிடுக்கில் ஒட்டியிருந்ததைத் துணியால் துடைத்தேன், மிச்சமிருந்த வில்லையை ஒரு சின்னக் கவரில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனோம். நாடி, பிரஷர் எல்லாம் சரியாக இருந்தது. அங்கிருந்த டாக்டர் வாந்திக்கு ஓர் ஊசி போட்டு, "பாச்சா உருண்டைதானே, பெரியவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. சாயங்காலம் வரைக்கும் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். அவர்மேல் இப்போதும் எனக்கு வருத்தம் உண்டு. "ஒன்றும் பண்ணாது" என்றது மட்டுமல்ல, "சாயங்காலம் வரை" என்று அவர் வைத்த கெடுதான் எங்களை ஏமாற்றியது.

சாயங்காலம் அப்பா நன்றாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டார், டீக்கடைக்கு நடந்து போய் வந்தார். நான் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை மாடிப்படி ஏறி வந்தவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடவென்று அடிப்பதாகச் சொன்னார். இடுப்பு வலிக்கிறது என்றார். அம்மாவிடம் மட்டும் மெதுவாக, "ஒண்ணுக்குப் போனா கடுங்காப்பி மாதிரி வருது" என்றாராம். அம்மா இதைச் சூடு என்று நினைத்து மோர் கொடுத்திருக்கிறார். மதியம் நான் போய்ப் பார்த்தபோது அப்பாவின் கண்ணின் வெள்ளைப்பகுதி மஞ்சளாக இருந்தது. உதடும் உள்ளங்கையும் வெளுத்துப்போயிருந்தன. சனிக்கிழமை கவரில் போட்ட வில்லை என் பையிலேயே கிடந்தது. 108-க்கு அடித்தேன். பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே அவசரப் பிரிவில் இருந்த இளம் பெண் டாக்டர் விரலில் கிளிப்பை மாட்டினார். ஆக்சிஜன் 88 என்று காட்டியது. மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். பத்து நிமிடம் ஆகியும் 88 அப்படியே நின்றது. நுரையீரலில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் எல்லாம் தெளிவாக இருக்கிறது. அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். சிரிஞ்சில் வந்தது சிவப்பு இல்லை, கருப்பட்டிப் பாகு நிறம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நாலஞ்சு நாளுக்குள்ள ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து, வீட்டுல இருந்த ஏதாவது சாப்பிட்டாராம்மா?" என்று கேட்டார். நான் பையிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தேன்.

லேபிள் எங்கே என்று கேட்டார். லேபிள் கிடையாது, உதிரியாக வாங்கியது என்றேன். பாச்சா உருண்டை என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று வகை இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்று நாப்தலின். இன்னொன்று பாரா டைகுளோரோபென்சீன் என்கிற வேறொரு ரசாயனம். மூன்றாவது கற்பூரத்தில் செய்தது. மூன்றும் வெள்ளை, மூன்றும் வாசனை அடிக்கும். உடம்பில் செய்கிற வேலை மட்டும் வேறு வேறு. கற்பூரம் உள்ளே போனால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே, சிலருக்குச் சில நிமிடங்களிலேயே, வலிப்பு வரலாம். பாரா டைகுளோரோபென்சீனின் கெடுதல் பொதுவாக இவை இரண்டையும்விடக் குறைவு. நாப்தலின்தான் முதலில் வாந்தியோடு அடங்கின மாதிரி இருந்துவிட்டு, ஒன்று முதல் மூன்று நாள் கழித்து ரத்தத்தில் கைவைக்கும். சில பேருக்கு ஐந்து நாள்கூட ஆகலாம்.

அந்த டாக்டர் இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்டார். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் உப்பை இனிமேல் கரையாது என்கிற அளவுக்குப் போட்டுக் கலக்கினார். வில்லையில் ஒரு துண்டை உடைத்து வெறும் தண்ணீரில் போட்டார், மூழ்கியது. கற்பூரமாக இருந்தால் மிதந்திருக்கும். அதே துண்டை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டார், மேலே வந்து மிதந்தது. பாரா டைகுளோரோபென்சீனாக இருந்தால் உப்புத் தண்ணீரிலும் அடியில்தான் கிடக்கும். "நாப்தலின்" என்று எழுதிக்கொண்டார். அதற்காக அவர் வைத்தியத்தை நிறுத்தி வைத்திருக்கவில்லை, நர்ஸ் அதற்குள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். இதைச் சொல்வதற்குக் காரணம், வீட்டில் யாரும் இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் கிளம்பலாம் என்று உட்காரக்கூடாது. கையில் இருப்பதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எங்கள் குடும்பத்தையே வேறு மாதிரி பார்க்க வைத்தது. "இவரோட அண்ணன் தம்பி, தாய்மாமன், யாருக்காவது மலேரியா மாத்திரை சாப்பிட்டு மஞ்சக்காமாலை வந்திருக்கா?" எனக்குத் தெரியவில்லை. அப்பாவே மாஸ்க்கை நகர்த்திவிட்டுச் சொன்னார். "எங்கண்ணனுக்கு வந்துச்சு. ராமேஸ்வரத்துல வேலை பார்த்தப்ப, மலேரியாவுக்குக் குடுத்த மாத்திரையில மஞ்சளாயிட்டான். செத்துப் பொழச்சான்."

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது இதுதான். நாப்தலினை ஈரல் உடைக்கும்போது வருகிற பொருள், ரத்தச் சிவப்பணுக்களைத் துருப்பிடிக்க வைக்கிற மாதிரி கெடுக்கும். அதைத் தாங்குவதற்குச் சிவப்பணுவுக்குள் ஒரு நொதி காவல் இருக்கிறது. அதன் பெயர் ஜி6பிடி. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவாக இருக்கும். அவர்கள் சாதாரணமாக எந்தக் குறையும் இல்லாமல் 70 வயது வரை வாழ்ந்துவிடலாம். சில மலேரியா மருந்து, தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோஃப்யூரன்டாயின், அப்புறம் இந்தப் பாச்சா உருண்டை, இப்படி ஏதாவது ஒன்று உள்ளே போனால்தான் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். உடைந்த ரத்தம்தான் கண்ணில் மஞ்சளாகவும் சிறுநீரில் கறுப்பாகவும் தெரிகிறது. எத்தனை உருண்டை சாப்பிட்டால் ஆபத்து என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். ஒருவருக்கு வாந்தியோடு போகிற அளவு இன்னொருவருக்கு உயிர்ப் பிரச்சினை.

ரத்தம் கருப்பட்டி நிறத்துக்கு மாறியதற்கு மெத்திலீன் புளூ என்று நீல நிறத்தில் ஒரு முறிவு மருந்து உண்டாம். ஆனால் ஜி6பிடி குறைவாக இருப்பவருக்கு அந்த மருந்தே சிவப்பணுக்களை இன்னும் உடைக்கும். பெரியப்பா கதையைக் கேட்டதால்தான் அதைப் போடாமல் நிறுத்திவைத்தார்கள். உடைந்த ரத்தம் சிறுநீரகத்தை அடைக்காமல் இருக்கக் குளுக்கோஸ், வைட்டமின் சி ஊசி, இரண்டு பாட்டில் ரத்தம். வந்தபோது அப்பாவின் ஹீமோகுளோபின் 7.4. செவ்வாய்க்கிழமை இன்னும் கொஞ்சம் இறங்கி, புதன்கிழமைதான் நின்றது. வியாழக்கிழமை சிறுநீர் நிறம் தெளிந்ததைப் பார்த்து அம்மா வார்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்பா ஓரளவு தேறியபின் அம்மா வழக்கமாக வாங்குகிற கீழமாசி வீதிக் கடைக்குப் போனேன். சண்டை போட இல்லை. அந்த வில்லை எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போய் உள்ளேயிருந்து அட்டைப்பெட்டியையே எடுத்து வந்து காட்டினார். பெட்டியின் பக்கவாட்டில் எல்லாம் இருந்தது. சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரங்கள் மூன்று. ஒன்றில் ஆச்சரியக்குறி. ஒன்றில் ஒரு மனிதனின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி படம். ஒன்றில் பட்டுப்போன மரமும் செத்த மீனும். விழுங்கினால் தீங்கு, குழந்தைகளுக்கு எட்டாமல் வை என்றெல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அந்தப் பெட்டியிலிருந்து நூறு கிராம் அள்ளி, வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே பின் அடித்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்கள். எச்சரிக்கை முழுவதும் கடையின் கிட்டங்கியிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் எந்தக் கடைக்குப் போனாலும் பூச்சி மருந்து அடுக்கின் முன்னால் நின்று லேபிள் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வீட்டுக்காரர் உட்பட நிறையப் பேர் அதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

கரப்பான், எறும்பு, எலி மருந்து டப்பாக்களில் ஒரு சாய்சதுரம் இருக்கும், நடுவில் கோடு போட்டு இரண்டு முக்கோணமாக. இது 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி போடுவது. கீழ் முக்கோணத்தில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், மேலே மண்டையோடும் விஷம் என்ற சொல்லும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தபடி, அதிலும் விஷம் என்றே எழுதியிருக்கும். நீலத்துக்கு அபாயம் என்று பொருள்படும் சொல். பச்சைக்கு எச்சரிக்கை. இந்தப் பச்சையைத்தான், சாப்பாட்டுப் பொட்டலத்தில் சைவத்துக்குப் போடுகிற பச்சைப் புள்ளி மாதிரி "இது நல்லது, ஆபத்தில்லாதது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். பச்சை என்றால் நான்கு விஷ வகுப்புகளில் கடைசி வகுப்பு, அவ்வளவுதான். விஷப் பட்டியலுக்கு வெளியே என்று அர்த்தமில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த நிறங்களை முக்கியமாக முடிவு செய்வது, பரிசோதனை எலிகள் எவ்வளவு தின்றால் சாகின்றன என்பதை வைத்து. நாப்தலினைப் பொறுத்தவரை எலியின் ரத்தம் மனிதனின் ரத்தத்தைவிட நன்றாகவே தாங்கும். அதனால் ஒரு பாக்கெட்டில் சாதுவான நிறமோ, வெறும் ஆச்சரியக்குறியோ இருப்பதை வைத்து, என் அப்பாவைப் போன்ற ஒருவருக்கு அது என்ன செய்யும் என்று கணிக்க முடியாது. லேபிளில் நிறத்தைவிட எனக்கு முக்கியமாகத் தெரிகிற இடம், சரக்கின் ரசாயனப் பெயரும் அளவும் எழுதியிருக்கும் சின்ன வரி. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான். பதிவு பெற்ற பூச்சி மருந்து என்றால் முறிவு மருந்து என்ன என்பதும் எழுதியிருக்க வேண்டும், உள்ளே வைக்கிற துண்டுக் காகிதத்தில் விஷ அறிகுறியும் முதலுதவியும் இருக்க வேண்டும். நாம் பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கி எறிவது அந்தக் காகிதம்.

அப்பாவைப் பார்க்க மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த சித்தப்பா, இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க வீட்டு அரிசி டிரம்முக்குப் பக்கத்துல வண்டு மாத்திரை இருக்கே, அதுவும் இப்படித்தானா?" என்று கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நெல் வண்டுக்குப் போடுகிற அந்தச் சாம்பல் நிற மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. சிவப்பு முக்கோணம், மண்டையோடு. ஈரம் பட்டால் பாஸ்பீன் என்கிற விஷக்காற்றை விடும். அதற்கு முறிவு மருந்தே கிடையாது. பூட்டிய குடோனில், பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர்கள் கையாள வேண்டிய சரக்கு அது, வீட்டுக்கு விற்கவே கூடாது. ஆனால் யாரோ யாரிடமோ வாங்கி, நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் சொந்தக்காரருக்குக் கொடுக்கிறார்கள். அதோடு பார்த்தால் பாச்சா உருண்டை எவ்வளவோ மேல். சித்தப்பாவை அதைக் கையால் தொட வேண்டாம், தண்ணீர் படவிட வேண்டாம், பேரப்பிள்ளைகளை அந்த அறைக்குள் விட வேண்டாம், வேளாண்மை அலுவலகத்தில் சொல்லி ஆள் வைத்து அப்புறப்படுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். மறுநாளே செய்துவிட்டார்.

வீட்டில் நாங்கள் மாற்றியது அதிகமில்லை. உதிரி மாத்திரை என்பதே இப்போது கிடையாது. பட்டையிலிருந்து பிதுக்கினால் அந்த நிமிடமே வாயில் போக வேண்டும். பட்டையை வெட்டினாலும் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் துண்டைக் கடைசி வரை வைத்திருக்க வேண்டும். அப்பாவின் விரலுக்குப் பிதுக்க வராததால், காலையில் அம்மா பிதுக்கிக் கையில் கொடுக்கிறார். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரைக்குப் பதில் டாக்டரிடம் கேட்டு டானிக்காக மாற்றிக்கொண்டோம். பாட்டிலை இருட்டில் தடவினாலும் வேறெதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. மருந்து அலமாரியின் உள்பக்கம் ஓர் அட்டையில் 108, அதற்குக் கீழே டில்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117 என்று தடித்த பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். புடவைக்கு அம்மா பழையபடி வசம்புத் துண்டையும் காய்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து போடுகிறார். பாச்சா உருண்டை அளவுக்கு அது வேலை செய்கிறது என்று சொல்ல மாட்டேன். மாதத்துக்கு ஒருமுறை புடவைகளை எடுத்து உதறி நிழலில் காய வைக்க வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று நினைத்தது மூன்று மாதம் கழித்து. ஆஸ்பத்திரியில் இருந்தபோது எடுத்த ஜி6பிடி சோதனையில் அப்பாவுக்கு "சரியாக உள்ளது" என்றுதான் வந்திருந்தது. ஆனால் அந்த டாக்டர் நம்ப வேண்டாம் என்றார். நொதி குறைந்த பழைய சிவப்பணுக்கள்தான் முதலில் உடைகின்றன. அப்போது ரத்தத்தில் மிஞ்சுவதும் புதிதாக வருவதும் இளம் அணுக்கள், அவற்றில் நொதி கூடுதலாக இருக்கும். போதாததற்கு வேறொருவர் ரத்தமும் ஏறியிருக்கிறது. மூன்று மாதம் விட்டுத் திரும்பப் பாருங்கள் என்றார். பார்த்தோம். குறைவு என்று வந்தது.

இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாகப் போவது. அப்பாவுக்கு இருந்தால் மகன்களுக்கு அவரிடமிருந்து வராது. மகள்கள் எல்லோரும் அதைச் சுமப்பார்கள். அதாவது நான். என் ஒவ்வொரு பையனுக்கும் அது இருக்கச் சரிபாதி வாய்ப்பு. எனக்கு இரண்டு பையன்கள். பெரியவனுக்கு இல்லை. ஒன்பது வயதாகும் சின்னவனுக்கு இருக்கிறது.

அவன் பிறந்து மூன்றாம் நாள் மஞ்சள் ஏறி, நீல விளக்கின் அடியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். அப்போது அவனைச் சுற்றியிருந்தது அம்மாவின் பழைய பட்டுத்துணியும், பெட்டியிலிருந்து எடுத்த கம்பளியும். இரண்டிலும் பாச்சா உருண்டை வாடை. பிறந்த குழந்தைக்கு, அதுவும் இந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, நாப்தலின் ஏறிய துணியைத் துவைத்து வெயிலில் போடாமல் சுற்றினால் அந்த ஆவியும் தோல் வழியாகப் போவதுமே போதும், ரத்தம் உடைவதற்கு. அன்றைய மஞ்சளுக்கு அதுதான் காரணமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மஞ்சள் பல காரணங்களால் வரும். ஆனால் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

சின்னவனின் பள்ளிக்கூடப் பையில் இப்போது ஒரு சின்ன அட்டை இருக்கிறது. பெயர், ரத்த வகை, ஜி6பிடி குறைபாடு, கொடுக்கக்கூடாத மருந்துகள், பாச்சா உருண்டை ஆகாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன். போன வாரம் பள்ளிக்குப் போய், கழிவறையில் போடுகிற வில்லையின் பாக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். நாப்தலின் என்றிருந்தது. அட்டையைப் படித்துப் பார்த்த ஆயாம்மா, "இதை நான் கையாலதான் எடுத்துப் போடுவேன் கண்ணு" என்றார். அடுத்த மாதத்திலிருந்து வேண்டாமென்று தலைமையாசிரியர் எழுதி வைத்துக்கொண்டார்.